"எங்கள் ஆலையில் நடந்திருக்க முடியாது"

2003 அக்டோபர். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. பண்டிகைக்கு இனிப்புப் பெட்டியோடு சாக்லேட் பெட்டியும் கொடுக்கும் வழக்கம் மும்பையிலும் வட மாநிலங்களிலும் அதற்குள் வேரூன்றிவிட்டது. கேட்பரி இந்தியா நிறுவனத்துக்கு வருடத்திலேயே பெரிய வியாபாரம் அந்தச் சில வாரங்களில்தான். அந்த நேரம் பார்த்து, மும்பையில் டெய்ரி மில்க் வாங்கிப் பிரித்த சிலர் உள்ளே புழு இருந்ததாகப் புகார் கொடுத்தார்கள். மகாராஷ்டிர மாநிலத்தின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத் துறை, புனே ஆலையில் தயாரான சரக்கைப் பறிமுதல் செய்தது. செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் போட்டன. தொலைக்காட்சிகள் நெளியும் புழுவைத் திரும்பத் திரும்பக் காட்டின.

நிறுவனம் உடனே விளக்கம் கொடுத்தது. அதன் சாரம் இதுதான்: தயாரிப்பின்போது புழு வருவதற்கு வாய்ப்பே இல்லை, கடைகளில் சரியாகச் சேமித்து வைக்காததுதான் காரணம்.

துறையின் ஆணையராக இருந்த உத்தம் கோப்ரகடே இதை அப்படியே விடவில்லை. சேமிப்பில்தான் புழு நுழைந்தது என்றே வைத்துக்கொள்வோம். உறை காற்றுப் புகாமல் இருந்திருந்தால் அது எப்படி உள்ளே போயிருக்கும் என்று கேட்டார். ஆலையில் சுத்தம் போதவில்லை என்றாலும் சரி, உறை சரியில்லை என்றாலும் சரி, இரண்டும் உற்பத்தியாளரின் குறைதான் என்றார். நிறுவனம் பழியைக் கடைக்காரர் பக்கம் தள்ளியது. ஆணையர் ஒரே கேள்வியில் அதைத் திரும்பவும் ஆலை வாசலிலேயே கொண்டுவந்து வைத்தார்.

பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் புழுவோ பூச்சியோ கிடந்ததாகப் புகார் வந்தால், நிறுவனங்கள் வெளியிடும் முதல் அறிக்கையில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: "எங்கள் ஆலையில் இது நடந்திருக்க முடியாது." பெரும்பாலும் அது பொய் என்று தெரிந்து சொல்லப்படுவதில்லை. சொல்கிறவர்கள் நம்பித்தான் சொல்கிறார்கள், சிக்கலே அதில்தான் இருக்கிறது.

கேட்பரி சொன்னது எவ்வளவு சரி?

நிறுவனத்தின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பால் சாக்லேட் செய்யும்போது கொக்கோ, சர்க்கரை, பால்பொருள் எல்லாம் சேர்ந்த கலவையைச் சூடான நிலையில் மணிக்கணக்கில் பிசைந்து கலக்குகிறார்கள். அந்தச் சூடு பொதுவாக 45 டிகிரிக்கு மேல் இருக்கும். அதற்கு முன்பே கலவை உருளைகளுக்கிடையே மிக நைசாக அரைபட்டிருக்கும். மூலப்பொருளில் முட்டையோ புழுவோ இருந்திருந்தால்கூட, இந்த அரைப்பையும் சூட்டையும் தாண்டி உயிரோடு வருவது நடக்காத காரியம். ஆலையில் வேலை பார்க்கும் எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் நெஞ்சைத் தொட்டுச் சொல்வார்: எங்கள் தொட்டியிலிருந்து உயிருள்ள புழு வராது.

ஆனால் சாக்லேட் தொட்டியோடு முடிந்துவிடுவதில்லை. கலவையை ஆற்றி அச்சில் ஊற்ற வேண்டும், குளிர்விக்க வேண்டும், பட்டை பட்டையாக எடுத்து உறையிட வேண்டும். அச்சிலிருந்து வெளியே வந்த நேரத்துக்கும் உறைக்குள் போகும் நேரத்துக்கும் நடுவில் அது திறந்துதான் கிடக்கிறது. அதன் பிறகு அதற்குச் சூடு கிடையாது. பிறகு ஆலைக் கிடங்கு, லாரி, ஸ்டாக்கிஸ்ட் குடோன், கடை அலமாரி என்று மாதக்கணக்கில் பயணம். 'தயாரிப்பின்போது' என்று நிறுவனம் சொன்னது தொட்டியை. வாங்கியவர் காதில் அது விழுந்தது ஆலை முழுவதையும் சேர்த்து, உறையையும் சேர்த்து.

அந்த உறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மறந்திருக்காது. மெல்லிய அலுமினியத் தாளில் சாக்லேட்டை மடித்துச் சுற்றியிருப்பார்கள். அதன் மேல் ஊதா நிறக் காகித உறை. காகிதத்தை உருவிவிட்டு, தாளின் மடிப்பை நகத்தால் நீவி விரிப்பதே ஒரு தனி சுகம். பாதி தின்றுவிட்டு மீதியை மறுபடி மடித்து வைக்கலாம். அதாவது அது எங்கும் ஒட்டப்பட்ட உறை அல்ல, மடிப்பு மட்டுமே.

தானியம், மாவு, கொட்டை, சாக்லேட் ஆகியவற்றில் வரும் புழுக்கள் பெரும்பாலும் சிறு அந்துப்பூச்சிகளின் குஞ்சுகள். அரிசி மூட்டையைப் பிரித்தால் மேலே பறக்குமே, அந்த வகைதான். தாய்ப்பூச்சி உணவின் வாசனை கசியும் இடத்தைத் தேடி முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு ஒரு மில்லிமீட்டர் நீளந்தான், பருமன் அதிலும் குறைவு. மடிப்பின் இடுக்கு, ஒட்டு சரியாகப் படாத மூலை, ஊசி முனையளவு ஓட்டை எதுவானாலும் போதும். உறையைத் துளைக்க அதற்குப் பலம் வேண்டியதில்லை, வழி திறந்திருந்தால் நுழைந்துவிடும். கடையில் பக்கத்திலேயே திறந்த மூட்டையில் கோதுமையோ வேர்க்கடலையோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எனவே கடைச் சேமிப்பு சரியில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம், உறை போதவில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. ஆனால் இந்திய மளிகைக் கடை எப்படி இருக்கும் என்பது கேட்பரிக்குப் புதிதல்ல, பல பத்தாண்டுகளாக அந்தக் கடைகளில்தான் விற்றார்கள். குளிர்சாதனம் இல்லாத, மூட்டைகள் நிறைந்த கடையில் தாக்குப்பிடிக்காத உறையைப் போட்டு விற்றுவிட்டு, கடை சரியில்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஆணையரின் பதில் சுருக்கென்று தைத்ததற்குக் காரணம் இதுதான்.

புழுவே சொல்லும் சாட்சி

எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாதா என்றால், ஓரளவு முடியும். அதற்குப் பொட்டலமும் பூச்சியும் கையில் இருக்க வேண்டும்.

முதல் சாட்சி புழுவின் வயது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மே 1 அன்று பொட்டலமிட்ட சாக்லேட்டை ஒருவர் அக்டோபர் 10 அன்று பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே உயிரோடு ஒரு புழு, பாதி வளர்ச்சி. நம் ஊர் வெப்பத்தில் இந்த வகைப் பூச்சி முட்டையிலிருந்து பறக்கும் பூச்சியாக மாற ஏறக்குறைய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். சாக்லேட்டில் கொஞ்சம் மெதுவாக வளரும், பாதாம் முந்திரி கலந்திருந்தால் வேகம் கூடும். அப்படியானால் இந்தப் புழு முட்டையாக இருந்தது செப்டம்பரில். மே மாதமே முட்டை உள்ளே இருந்திருந்தால், இந்த ஐந்து மாதத்தில் மூன்று தலைமுறையாவது வந்துபோயிருக்கும். செத்த பூச்சிகள், உரித்த தோல், கழிவு, நூல் பின்னல் எல்லாம் பொட்டலத்தை நிறைத்திருக்கும். அவை ஒன்றும் இல்லாமல் ஒற்றைப் புழு மட்டும் இருந்தால், ஆலையை விட்டு வெளியேறிய பிறகு நுழைந்தது என்று சொல்ல நியாயம் உண்டு. ஆனால் பொட்டலமிட்டு மூன்று வாரந்தான் ஆகியிருந்தால் இதே கணக்கு ஆலைக்கு எதிராகத் திரும்பிவிடும்.

இரண்டாவது சாட்சி உறையில் உள்ள துளை. பூச்சி கடித்துத் துளைத்தால், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியதோ அந்தப் பக்கத்தில் கீறல்கள் இருக்கும், துளையும் அங்கே அகலமாக இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் வெளியிலிருந்து உள்ளே வந்ததா, உள்ளிருந்து வெளியே போனதா என்று சொல்லிவிடலாம். ஒட்டு விட்டுப்போன இடத்தில் நுழைந்திருந்தால் மட்டும் இந்தச் சாட்சி வாய் திறக்காது.

மூன்றாவது சாட்சிதான் சுவாரசியமானது. அது ஜப்பானில் ஒரு நிறுவனத்தின் அறிக்கையையே ஒன்பது நாளில் தலைகீழாகப் புரட்டிப்போட்டது.

பெயாங்: ஒன்பது நாளில் மாறிய பேச்சு

டோக்கியோவுக்கு வடக்கே குன்மா மாவட்டத்தில் மருகா ஃபுட்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. சதுரமான பிளாஸ்டிக் பெட்டியில் வரும் 'பெயாங்' உடனடி நூடுல்ஸ் அவர்களுடையது. அங்கே பல பத்தாண்டுகளாக வீட்டுக்கு வீடு அறிந்த பெயர். 2014 டிசம்பர் 2 அன்று ஒரு வாடிக்கையாளர் நூடுல்ஸுக்குள் கரப்பான்பூச்சி சிக்கியிருந்த படத்தை ட்விட்டரில் போட்டார். படம் நாடு முழுவதும் பரவியது.

நிறுவனத்தின் முதல் பதில் கேட்பரியின் பதிலை அச்சு எடுத்தாற்போல் இருந்தது: தயாரிப்பு முறையில் இப்படிக் கலப்பது நினைத்துப் பார்க்க முடியாதது. அடுத்து, அதே நாளில் தயாரான சரக்கை மட்டும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இதற்கிடையில் பூச்சி கிடந்த பொட்டலம் வெளி ஆய்வகத்துக்குப் போனது. ஆய்வில் பூச்சி சூடுபட்டதற்கான தடயம் தெரிந்தது. டிசம்பர் 11 அன்று நிறுவனம் பேச்சை மாற்றியது. தயாரிப்பின்போது கலந்திருக்கும் சாத்தியத்தை மறுக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, எல்லாப் பொருட்களின் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்தியது. பெயாங் மறுபடி கடைக்கு வந்தது 2015 ஜூன் மாதந்தான்.

சூடுபட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? பூச்சியின் உடலில் கேட்டலேஸ் என்ற நொதி உண்டு. மனித உடலிலும் இருக்கிறது. காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அது இந்த நொதியின் வேலை. பூச்சியை நன்றாகச் சூடாக்கினால் நொதி அழிந்துவிடும். பிறகு பெராக்சைடு விட்டால் நுரை வராது. நூடுல்ஸை ஆலையில் எண்ணெயில் பொரிக்கிறார்கள். பொரிப்பதற்கு முன்பே பூச்சி உள்ளே இருந்திருந்தால் அதன் நொதி செத்திருக்கும். கடையிலோ வீட்டிலோ நுழைந்த பூச்சி என்றால் நுரை வர வேண்டும்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு, ஆய்வகத்தாரே அதைச் சொல்வார்கள். பூச்சி செத்து நாள் பல ஆகிவிட்டால் நொதி தானாகவே வலுவிழக்கும். அப்போது நுரை வராமல் போவதை வைத்துச் 'சூடுபட்டது' என்று முடிவு கட்ட முடியாது. அழுகத் தொடங்கியிருந்தால் கிருமிகளின் நொதியே நுரையைக் கிளப்பிவிடும். வாடிக்கையாளரே கொதிநீர் ஊற்றிய பிறகு பூச்சியைப் பார்த்தார் என்றால், சூடு எங்கே பட்டது என்ற கேள்வி மிஞ்சும். அதனால்தான் பெயாங் விஷயத்தில் நிறுவனம் 'ஆலையில்தான் கலந்தது' என்று சொல்லவில்லை, 'மறுக்க முடியவில்லை' என்றது. முதல் நாளே அந்த அளவோடு நின்றிருந்தால் ஒன்பது நாளில் சொன்ன சொல்லை விழுங்க வேண்டியிருந்திருக்காது.

இங்கேதான் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் அறிக்கையில் காரணம் சொல்லவே கூடாது. ஆலைக்குச் சாதகமான காரணமும் கூடாது, பாதகமான காரணமும் கூடாது. அன்றைக்கு யாருக்கும் காரணம் தெரியாது. பொட்டலம் ஆய்வகத்துக்கே போயிருக்காது.

அப்படியானால் என்னதான் சொல்வது?

காரணத்தை விட்டுவிட்டால் அறிக்கையில் சொல்ல ஒன்றுமே மிஞ்சாது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் வாங்கியவருக்கு வேண்டியது எல்லாம் அப்போதுதான் இடம்பிடிக்கும். கற்பனையாக ஒரு பிஸ்கட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஊர்களிலிருந்து புகார் வந்திருக்கிறது. நான் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"எங்கள் முந்திரி பிஸ்கட் 100 கிராம் பொட்டலத்தில் புழு இருந்ததாக மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இரண்டு வாடிக்கையாளர்கள் நேற்று எங்களிடம் தெரிவித்தார்கள். இரண்டு பொட்டலங்களும் ஒரே பேட்சைச் சேர்ந்தவை. பேட்ச் எண்ணும் தயாரிப்புத் தேதியும் கீழே உள்ளன; பொட்டலத்தின் பின்பக்க ஒட்டுக்கு மேலே அவை அச்சாகியிருக்கும். இந்த எண் உள்ள பிஸ்கட்டைச் சாப்பிட வேண்டாம். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். ரசீது இல்லாவிட்டாலும் பணம் கிடைக்கும். புழு எப்படி வந்தது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டு பொட்டலங்களும் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளன. இந்தப் பேட்சின் விற்பனையை நிறுத்திவிட்டோம். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தெரிவித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஆய்வு முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும், அடுத்த தகவலைத் தருவோம். இந்த அனுபவம் நேர்ந்த வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் அலங்காரம் எதுவும் இல்லை. 'தரமே எங்கள் தாரக மந்திரம்', 'ஐம்பது ஆண்டுப் பாரம்பரியம்' இரண்டையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். புழுவைப் பார்த்தவரிடம் பாரம்பரியம் பேசினால் எரிச்சல்தான் வரும். பேட்ச் எண் எங்கே அச்சாகியிருக்கிறது என்பதுவரை சொல்லக் காரணம், பாதிப் பேருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒட்டின் மடிப்பில் மங்கலாகக் கிடக்கும். வெள்ளி மாலை ஐந்து மணி என்பதும் சும்மா போட்டதல்ல. அடுத்த தகவலுக்கு நேரம் குறிக்காவிட்டால் நடுவில் உள்ள ஒவ்வொரு மணி நேரத்தையும் வதந்தி நிரப்பிவிடும்.

இந்த அறிக்கையை எழுதுவது சுலபம். எழுதும் தகுதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 'ஒரே பேட்ச்' என்று சொல்ல வேண்டுமானால், அந்த பேட்ச் எந்த நாளில், எந்த லைனில் ஓடியது, எந்த லாரியில் எந்த ஸ்டாக்கிஸ்டுக்குப் போனது என்ற பதிவு ஆலையில் இருக்க வேண்டும். ஒழுங்கான ஆலைகளில் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் சில பொட்டலங்களை எடுத்துக் காலாவதித் தேதிவரை தனி அறையில் வைத்திருப்பார்கள். புகார் வந்ததும் முதல் வேலை அந்த மாதிரியைப் பிரித்துப் பார்ப்பது. அதிலும் புழு இருந்தால் கடைக்காரரைக் குறை சொல்லும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பதிவும் மாதிரியும் இல்லாத நிறுவனத்துக்கு வேறு வழி இல்லாமல்தான், 'நடந்திருக்க முடியாது' என்ற வாக்கியத்தில் போய் நிற்கிறது.

வக்கீல்கள் இதற்குச் சம்மதிக்கத் தயங்குவார்கள் என்பதும் தெரியும். மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்பார்கள். மேலே உள்ள அறிக்கை ஒரு அனுபவம் நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறதே ஒழிய, புழுவை ஆலைதான் வைத்தது என்று எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொன்று, இன்றைய சட்டத்தில் மௌனத்துக்கு அவ்வளவு இடமும் இல்லை. 2003இல் இருந்தது 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம். இப்போது உள்ளது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். அதன் 28ஆவது பிரிவு, விற்ற உணவு சட்டத்துக்கு உட்பட்டதாக இல்லை என்று கருத இடமிருந்தாலே அதைத் திரும்பப் பெறும் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்று உற்பத்தியாளரிடம் சொல்கிறது. திரும்பப் பெறுவது எப்படி என்பதற்கு 2017இல் தனி விதிமுறைகளும் வந்துவிட்டன. அயல்பொருள் கலந்த உணவுக்கு 54ஆவது பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. பெரிய கம்பெனிக்கு அது ஒரு நாள் விளம்பரச் செலவுக்குக்கூடக் காணாது. நிறுவனங்கள் உண்மையில் பயப்படுவது அபராதத்துக்கு அல்ல, அடுத்த வாரம் அலமாரியில் தேங்கப்போகும் சரக்குக்குத்தான்.

கேட்பரிக்கு அது தேங்கத்தான் செய்தது. அந்தத் தீபாவளிக் காலத்தில் விற்பனை சுமார் 30 சதவீதம் சரிந்ததாகச் சொல்லப்பட்டது. வழக்கமாக ஏற வேண்டிய நேரம் அது. டெய்ரி மில்க் விளம்பரங்களைச் சில வாரங்களுக்கு நிறுத்திவைத்தார்கள். 'விஸ்வாஸ்' என்ற பெயரில் ஒரு திட்டம் போட்டு, 1,90,000 கடைக்காரர்களைச் சென்றடைந்து சாக்லேட்டை எப்படிச் சேமிப்பது என்று சொல்லிக்கொடுக்க முனைந்தார்கள். இது நல்ல காரியந்தான், ஆனால் இதிலும் 'கோளாறு கடையில்' என்ற பழைய வாதத்தின் வாடை இருந்தது. உண்மையில் நிலைமையை மாற்றியது 2004 ஜனவரியில் வந்த புது உறை. மடித்து வைத்த தாள் போய், சூட்டில் ஒட்டி மூடிய அலுமினியத் தாளும் அதன் மேல் சுற்றிலும் மூடிய பிளாஸ்டிக் உறையும் வந்தன. இதற்காகச் சுமார் 15 கோடி ரூபாய்க்கு இயந்திரம் இறக்கினார்கள். உறைச் செலவு கூடியது, விலையை ஏற்றவில்லை. அதன் பிறகே அமிதாப் பச்சனை அழைத்து வந்து விளம்பரம் செய்தார்கள். விற்பனை மீண்டது.

பலர் இந்தக் கதையைச் சொல்லும்போது அமிதாப்புக்கு மாலை போடுகிறார்கள். வணிகக் கல்லூரிகளிலும் விளம்பரத்தின் வெற்றியாகவே இதைப் பாடம் நடத்துவதுண்டு. வரிசையைக் கவனித்தால் வேறு ஒன்று தெரியும். உறை முதலில் வந்தது, நடிகர் பிறகு வந்தார். பழைய உறையோடு அவரை நிறுத்தியிருந்தால், அடுத்த புழு அவர் பெயரையும் சேர்த்துக் கெடுத்திருக்கும். ஆணையர் அக்டோபரில் கேட்ட கேள்விக்கு நிறுவனம் ஜனவரியில் இயந்திரத்தால் பதில் சொன்னது. உறை பற்றிய அந்தப் பேச்சை முதல் அறிக்கையிலேயே, 'எங்கள் உறையையும் சேர்த்து ஆராய்கிறோம்' என்ற ஒரு வரியாகவாவது சேர்த்திருக்கலாம்.

நம் பக்கம்

இனி, பொட்டலத்தைப் பிரித்து அதிர்ந்து நிற்பவருக்கு. முதல் கோபத்தில் குப்பையில் எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். படத்தை வைத்து எந்த ஆய்வகமும் நொதிச் சோதனை செய்ய முடியாது, துளையின் கீறலைப் பார்க்க முடியாது. பூச்சியைத் தனியாக எடுக்காமல், பொட்டலத்தோடு ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கமாகக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். சூடான எதிலும் படவிடாதீர்கள். சமைத்த பிறகுதான் பார்த்தீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் உங்கள் பேச்சுக்கு மதிப்புத் தரும். பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, 14 இலக்க உரிம எண் மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். கடை ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

புகாரை நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பி நிறுத்தாமல், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கோ, Food Safety Connect செயலி வழியாகவோ சேர்த்தே அனுப்புங்கள். சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி பொதுமக்களும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். ஆனால் அப்படிச் சோதிக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று அதே பிரிவு நிபந்தனை போடுகிறது. வீட்டுக்கு வந்து பிரித்த பிறகு புழுவைப் பார்க்கிறவருக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. அதனால்தான் அலுவலர் வந்து அதே பேட்சிலிருந்து மாதிரி எடுப்பது அவசியமாகிறது.

நிறுவனத்து ஆள் அதற்கு முன்பே வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். மரியாதையாகப் பேசுவார், ஒரு பரிசுப் பெட்டியும் கொண்டுவருவார், பொட்டலத்தைக் கேட்பார். அவரிடம் கொடுப்பதில் தவறில்லை, ஆய்வுக்கு அது போகத்தான் வேண்டும். ஆனால் என்ன கொடுத்தீர்கள், எந்த பேட்ச், எந்த ஆய்வகத்துக்குப் போகிறது, முடிவின் நகல் உங்களுக்கு எப்போது வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.